வங்கியில் போட்ட காசு எத்தனை தடவை பிள்ளை பெறும்? கோப்பி காலத்து வங்கி முதல் கொரோனா வரை ஒரு பார்வை

 

கொஞ்சம் நீளமான பதிவு இது. ஒரு தேத்தண்ணியோடு இருந்து வாசியுங்கள். "அரசாங்கம் சல்லி அச்சடிச்சதாலதான் விலை கூடினது" என்று 2022இல் லயத்திலும் சொன்னார்கள், பள்ளிவாசல் முற்றத்திலும் சொன்னார்கள். அதில் உண்மை உண்டு. ஆனால் நாட்டில் புழங்கும் பணத்தின் பெரும்பகுதியை எந்த அச்சகமும் அச்சடிக்கவில்லை. அதை வங்கிகள் கணக்குப் புத்தகத்தில் எழுதி உண்டாக்குகின்றன. எவ்வளவு உண்டாக்கலாம் என்பதை இரண்டு பேர் தீர்மானிக்கிறார்கள். ஒருவர் மத்திய வங்கி. மற்றவர், நம்புங்கள், தலையணைக்கு அடியில் காசு வைத்திருக்கும் நீங்களும் நானும்தான்.

கதையை 1884இல் இருந்து தொடங்குவோம்.

அந்தக் காலத்தில் இலங்கையில் மத்திய வங்கி கிடையாது. நாம் கையில் வைத்திருந்த தாள் காசையே தனியார் வங்கிகள்தான் வெளியிட்டன. அவற்றில் முதன்மையானது ஒரியண்டல் பேங்க் கோப்பரேஷன். மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களை நம்பி அது நிறையக் கடன் கொடுத்திருந்தது. 1869இல் கோப்பி இலையில் துரு நோய் கண்டது. பத்துப் பதினைந்து ஆண்டுக்குள் தோட்டங்கள் அழிந்தன. கடன் வாங்கிய துரைமாருக்குத் திருப்பிக் கட்ட வழியில்லை. 1884 மே 3ஆம் திகதி அந்த வங்கி கதவைச் சாத்தியது.

அந்த வங்கியின் தாள் வைத்திருந்தவர்கள் கலங்கிப் போனார்கள். அப்போது ஆளுநராக இருந்த சேர் ஆதர் கோர்டன், அந்தத் தாள்களுக்கு அரசாங்கம் பொறுப்பு என்று அறிவித்தார். பதற்றம் அடங்கியது. அதே ஆண்டில் தாள் நாணயத்துக்கான சட்டம் வந்தது. அதன் பின் தாள் வெளியிடும் வேலையை அரசாங்கத்தின் நாணயச் சபை எடுத்துக்கொண்டது.

இங்கே ஒரு விசயத்தைக் கவனியுங்கள். ஆளுநர் பொறுப்பேற்றது கையிலிருந்த தாளுக்குத்தான். வங்கிக் கணக்கில் எழுதியிருந்த வைப்புக்கு அந்தப் பொறுப்பு இல்லை. ஆக, பணம் என்று நாம் ஒரே பெயரில் அழைப்பதில் இரண்டு வகை இருப்பது அன்றைக்கே வெளியில் தெரிந்துவிட்டது. ஒன்று கையில் உள்ள தாள். மற்றது வங்கி உங்களுக்குத் தருவதாக எழுதி வைத்திருக்கும் வாக்கு. சாதாரண நாளில் இரண்டும் ஒன்றுபோல் செல்லும். எல்லோரும் ஒரே நாளில் வாக்கைத் தாளாக்கக் கேட்டால், எந்த வங்கியாலும் கொடுக்க முடியாது.

ஏன் முடியாது? கணக்கைப் பார்ப்போம்.

பலாங்கொடையில் ஒரு கடை முதலாளி 100,000 ரூபாய் தாளை வங்கியில் போடுகிறார் என்று வையுங்கள். வங்கி அதில் நூற்றுக்கு 5 வீதத்தை, அதாவது 5,000 ரூபாயை, ஒதுக்கி வைக்க வேண்டும் என்பது சட்டம் என்றும் வையுங்கள். மீதி 95,000 ரூபாயை இன்னொருவருக்கு லொறி வாங்கக் கடன் கொடுக்கிறது. லொறி விற்றவர் அந்தப் பணத்தைப் பெல்மதுளையில் தன் வங்கிக் கணக்கில் போடுகிறார். இப்போது முதலாளியின் கணக்கில் 100,000 இருக்கிறது, லொறிக்காரரின் கணக்கில் 95,000 இருக்கிறது. இருவரும் "என் காசு" என்றுதான் சொல்வார்கள். இருவரும் செக் எழுதலாம். ஆனால் தாள் அதே 100,000தான்.

இரண்டாவது வங்கி 4,750ஐ ஒதுக்கி, 90,250ஐக் கடன் கொடுக்கிறது. அது மூன்றாவது வங்கிக்குப் போகிறது. இப்படியே சுற்றிச் சுற்றிப் போனால் கடைசியில் எல்லாக் கணக்குகளிலும் சேர்ந்து 2,000,000 ரூபாய் இருக்கும். 100,000ஐ 0.05ஆல் வகுத்தால் வரும் எண் அது. உயர்தரத்தில் பொருளியல் படிக்கும் பிள்ளைகள் இதை வைப்புப் பெருக்கி என்று படிக்கிறார்கள். ஒதுக்கு 5 வீதம் என்றால் பெருக்கி 20. ஒதுக்கு 2 வீதம் என்றால் பெருக்கி 50.

பாடப் புத்தகக் கணக்கு இது. நம்முடைய ஊருக்கு இது அப்படியே பொருந்தாது. ஏனென்றால் கடன் வாங்கியவர் செலவழிக்கும் காசு முழுவதும் வங்கிக்குத் திரும்பி வருவதில்லை.

அதே கணக்கை இன்னொரு தடவை செய்வோம். இம்முறை ஒவ்வொரு கடனிலும் பாதி கூலியாகவும் கைச் செலவாகவும் போய், மக்கள் கையிலேயே தாளாக நின்றுவிடுகிறது என்று வைப்போம். முதல் வைப்பு 100,000. கடன் 95,000. அதில் வங்கிக்குத் திரும்புவது 47,500 மட்டும். அதிலிருந்து அடுத்த கடன் 45,125, திரும்புவது 22,562. இரண்டு மூன்று சுற்றிலேயே மூச்சு வாங்கிவிடுகிறது. எல்லாம் கூட்டினால் வைப்புகள் மொத்தம் ஏறத்தாழ 190,000 ரூபாய்தான். இருபது இலட்சம் எங்கே, ஒரு இலட்சத்துத் தொண்ணூறாயிரம் எங்கே!

இன்னும் முக்கியமான ஒன்று இருக்கிறது. இந்த இரண்டாவது கணக்கில் ஒதுக்கு வீதத்தை 5இலிருந்து 2ஆகக் குறைத்துப் பாருங்கள். மொத்தம் 196,000 ஆகும். ஏறத்தாழ 6,000 ரூபாய்தான் வித்தியாசம். முதல் கணக்கில் அதே மாற்றம் இருபது இலட்சத்தை ஐம்பது இலட்சமாக்கியது. அதாவது, தாள் கையில் தங்கும் இடத்தில் மத்திய வங்கியின் ஒதுக்கு வீதத்துக்குப் பலம் குறைவு. எல்லாம் கணக்கிலேயே ஓடும் இடத்தில் அதற்குப் பலம் அதிகம்.

நம் சப்ரகமுவையைப் பாருங்கள். இரத்தினபுரியில் கல் வியாபாரம் பெரும்பாலும் கையிலே காசு, வாயிலே பேச்சு. தோட்டச் சம்பளம் என்றால், 500 பேர் வேலை செய்யும் ஒரு தோட்டத்தில் ஆளுக்கு 20 நாள் பேர் விழுந்து, நாளுக்கு 1,000 ரூபாய் என்றால், கழிவுகளுக்கு முன் ஒரு மாதத்துக்கு ஒரு கோடி ரூபாய். தோட்டத்தின் வங்கிக் கணக்கில் எழுத்தாக இருந்த பணம் சம்பள நாளில் தாளாக வெளியே வருகிறது. கடன் கடைக்கும், சீட்டுக்கும், பிள்ளைகளின் கொப்பிக்கும் என்று சில நாளில் டவுன் கடைகளின் கல்லாவுக்குப் போகிறது. கடைக்காரர் வங்கியில் போட்டதும் மறுபடி எழுத்தாகிறது. சம்பள நாளுக்கும் கடைக்காரர் வங்கிக்குப் போகும் நாளுக்கும் இடையில் அந்தத் தாளை வைத்து எந்த வங்கியும் கடன் கொடுக்க முடியாது. சித்திரைப் புத்தாண்டு, பெருநாள், தீபாவளி முற்பணக் காலங்களில் இந்த இழுப்பு நாடு முழுக்கக் கூடும்.

வீட்டில் அடுக்கி வைக்கும் காசு இதைவிட நீண்ட நாள் வெளியே நிற்கும். நம்மவர்களில் சிலர் வட்டிக்குப் பயந்து வங்கிப் பக்கமே போவதில்லை. அவர்கள் காசும் இந்தக் கணக்கில்தான் சேரும். இஸ்லாமிய வங்கியில் வைப்பவர்களும் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். 2011இல் தொடங்கிய அமானா வங்கியும் உரிமம் பெற்ற வர்த்தக வங்கிதான், அதற்கும் இந்த ஒதுக்கு விதி உண்டு. முறாபஹா முறையில் வங்கி லொறியை வாங்கி உங்களுக்கு விற்றாலும், லொறி விற்றவரின் கணக்கில் வைப்பு ஏறத்தான் செய்யும். வட்டி இருக்கிறதா இல்லையா என்பது மார்க்கம் சம்பந்தப்பட்ட கேள்வி. பணம் பெருகும் கணக்கு இரண்டு இடத்திலும் ஒன்றே.

இனி நாடு முழுவதற்குமான கதைக்கு வருவோம்.

1949ஆம் ஆண்டின் 58ஆம் இலக்க நாணய விதிச் சட்டப்படி 1950 ஓகஸ்ட் 28ஆம் திகதி இலங்கை மத்திய வங்கி திறக்கப்பட்டது. வர்த்தக வங்கிகள் வைப்பில் இத்தனை வீதத்தைத் தன்னிடம் வைக்க வேண்டும் என்று கட்டளையிடும் அதிகாரம் அதற்குக் கிடைத்தது. அதுதான் நியதி ஒதுக்கு விகிதம். ரூபாய் வைப்புகளுக்கு மட்டும் பொருந்தும். ஒரியண்டல் வங்கி காலத்தில் இல்லாத ஒரு கடிவாளம் இது.

2020 மார்ச்சில் கொரோனா வந்து ஊரடங்கு போட்டார்கள். அப்போது இந்த விகிதம் 5 வீதம். அதே மாதம் 4 ஆக்கினார்கள். ஜூனில் 2 ஆக்கினார்கள். என்ன நடந்தது என்பதை மத்திய வங்கியின் ஆண்டறிக்கை எண்களை வைத்தே பார்க்கலாம். எண்களைக் கொஞ்சம் முழுமைப்படுத்தித் தருகிறேன். ஒரு பில்லியன் என்றால் நூறு கோடி.

2019 முடிவில் மத்திய வங்கி உண்டாக்கிய அடிப்படைப் பணம் 933 பில்லியன் ரூபாய். மக்கள் கையிலும் வங்கிக் கல்லாவிலும் உள்ள தாள் காசும், வங்கிகள் மத்திய வங்கியில் வைத்திருக்கும் ஒதுக்கும் சேர்ந்தது இது. ஒதுக்குப் பணம் என்பார்கள். மக்களின் தாளும் வங்கி வைப்புகளும் சேர்ந்த மொத்தப் பணம், அதாவது விரிந்த பணம், 7,624 பில்லியன். வகுத்தால் 8.2 வருகிறது. ஒரு ரூபாய் அடிப்படைப் பணத்தின் மேல் எட்டு ரூபாய்க்கு மேல் நிற்கிறது.

2020 முடிவில் அடிப்படைப் பணம் 964 பில்லியன். 31 பில்லியன்தான் கூடியது. ஆனால் மொத்தப் பணம் 9,406 பில்லியன் ஆனது. 23 வீதத்துக்கு மேல் உயர்வு! பெருக்கி 8.2இலிருந்து 9.8க்கு ஏறியிருந்தது. பெருக்கி பழையபடியே இருந்திருந்தால் மொத்தப் பணம் ஏறத்தாழ 7,880 பில்லியனில் நின்றிருக்கும். மீதி 1,500 பில்லியனுக்கு மேற்பட்டது பெருக்கி ஏறியதால் வந்தது. அடிப்படைப் பணத்தை மட்டும் பார்த்திருந்தால் அந்த ஆண்டு ஒன்றுமே நடக்கவில்லை என்றுதான் தோன்றியிருக்கும்.

சரி, விகிதம் 2 என்றால் பெருக்கி 50 ஆகியிருக்க வேண்டுமே, ஏன் 9.8இல் நின்றது? இங்கேதான் நாம் வருகிறோம். சூத்திரம் இது:

m = (1 + c) / (r + c)

இதில் r என்பது ஒவ்வொரு ரூபாய் வைப்புக்கும் வங்கிகள் உண்மையில் வைத்திருக்கும் ஒதுக்கு. c என்பது ஒவ்வொரு ரூபாய் வைப்புக்கும் மக்கள் கையில் வைத்திருக்கும் தாள். 2019இல் r நூற்றுக்கு 6.2, c நூற்றுக்கு 6.9. 2020இல் r நூற்றுக்கு 3.7 ஆகக் குறைந்தது. கல்லாவில் வைக்கும் காசும், சட்டம் கேட்பதற்கு மேல் வைக்கும் ஒதுக்கும் சேர்வதால் அது 2க்குப் போகவில்லை. அதே நேரம் c நூற்றுக்கு 7.3 ஆகக் கூடியது. போட்டுப் பாருங்கள், 9.8 வரும்.

மக்கள் கையில் இருந்த தாள் அந்த ஓர் ஆண்டில் 494 பில்லியனிலிருந்து 641 பில்லியனாக உயர்ந்தது. காரணம் நமக்கே தெரியும். ஊரடங்கில் வங்கி எப்போது திறக்குமோ என்று எல்லோரும் கொஞ்சம் அதிகமாக எடுத்து வைத்தோம். ஏப்ரலிலும் மே மாதத்திலும் 5,000 ரூபாய் உதவித் தொகை கையிலே கொடுக்கப்பட்டது. வட்டி வீதம் விழுந்ததால் காசைக் கணக்கில் வைத்துப் பெரிய இலாபமும் இல்லை. மற்றதெல்லாம் அப்படியே இருந்து, மக்கள் 2019இல் வைத்திருந்த அதே பங்கை மட்டும் கையில் வைத்திருந்தால், மொத்தப் பணம் இன்னும் ஏறத்தாழ 300 பில்லியன் கூடியிருக்கும். நம்முடைய அலுமாரியும் உண்டியலும் தெரியாமலே ஒரு பிரேக் பிடித்திருந்தன.

இங்கே ஒரு எச்சரிக்கை. பாடப் புத்தகத்தில் வங்கி முதலில் வைப்பு வாங்கி, பிறகு கடன் கொடுப்பதுபோல் வரும். நடைமுறையில் கடன் கொடுக்கும்போதே வங்கி கடன்காரரின் கணக்கில் எழுதிவிடுகிறது, ஒதுக்கைப் பிறகு தேடிக்கொள்கிறது. ஆகவே ஒதுக்கு வீதம் குறைந்தால் மட்டும் பணம் பெருகாது. கடன் கேட்க ஆள் வேண்டும், கொடுக்க வங்கிக்கு மனம் வேண்டும். 2020இல் கடைக்காரரும் கைத்தொழிலாளரும் பெரிதாகக் கடன் வாங்கவில்லை. தனியார் துறைக்கான கடன் 6.5 வீதம்தான் வளர்ந்தது. அந்த ஆண்டு உண்டான புதிய பணத்தின் பெரும்பகுதி அரசாங்கத்துக்குக் கொடுத்த கடன் வழியே வந்தது.

2021 செப்டம்பரில் விகிதத்தை மறுபடி 4 ஆக்கினார்கள். பெருக்கி இறங்கியது. ஆனால் இம்முறை அடிப்படைப் பணமே 1,300 பில்லியனுக்கு மேல் ஏறிவிட்டது. அதில் ஒரு பகுதி வங்கிகள் புதிய விகிதத்துக்கு வைக்க வேண்டியிருந்த ஒதுக்கு. ஒரு பகுதி நம் கையில் கூடிய தாள். மக்கள் கையில் இருந்தது மட்டும் 784 பில்லியன். இரண்டு ஆண்டுக்கு முன் 494 ஆக இருந்தது அது.

2022இல் என்ன ஆனது என்று சொல்லத் தேவையில்லை. டொலர் இல்லாமல் போனது, ரூபாயின் மதிப்பு விழுந்தது, உரத் தடையால் விளைச்சல் குறைந்தது. இவற்றோடு, முந்தைய இரண்டு ஆண்டில் பெருகியிருந்த பணமும் சேர்ந்தது. எல்லாப் பழியையும் பெருக்கியின் தலையில் போடுவது நியாயமில்லை. ஆனால் அதைக் கழித்துவிட்டும் கதையைச் சொல்ல முடியாது. 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம். உணவுக்கு மட்டும் 94.9 வீதம்.

தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி 1,000 ரூபாயானது 2021 மார்ச்சில். எத்தனை வருடம் போராடி வந்த ஆயிரம் அது! 2022 செப்டம்பரில் அதே ஆயிரத்தைக் கொண்டு கடைக்குப் போனால், ஒரு வருடத்துக்கு முன் 513 ரூபாய்க்கு வாங்கிய உணவுதான் கிடைத்தது. 1,000ஐ 1.949ஆல் வகுத்துப் பாருங்கள். கொழுந்து பறித்த கை அதேதான், பேர் விழுந்த நாளும் அதேதான், தாளில் எழுதியிருந்த எண்ணும் மாறவில்லை.

புதிய பணம் கடனாகப் பிறக்கிறது. கடன் பெறத் தகுதி உள்ளவர் கைக்கு அது முதலில் போகிறது, விலை ஏறுவதற்கு முன் அவர் செலவழித்து விடுகிறார். லயத்தில் இருப்பவருக்குக் காணி உறுதி இல்லை, அடகு வைக்க வீடு இல்லை, அதனால் வங்கிக் கடன் எளிதில் இல்லை. அவர் கைக்குப் பணம் வருவது கூலியாக, கடைசியில், அதுவும் தாளாக. கையில் இருக்கும் தாள்தான் விலை ஏறும்போது வட்டியும் இல்லாமல் இலாபமும் இல்லாமல் கரைந்துபோகிறது. 1884இல் தாள் வைத்திருந்தவர் தப்பினார், கணக்கில் வைத்திருந்தவருக்கு அந்தப் பாதுகாப்பு இருக்கவில்லை. இன்று வங்கி விழுந்தாலும் ஒருவருக்கு 11 இலட்சம் ரூபாய் வரை வைப்புக் காப்புறுதி இருக்கிறது. தாளுக்குப் பணவீக்கத்திலிருந்து எந்தக் காப்புறுதியும் இல்லை. ஒன்றரை நூற்றாண்டுக்குள் நிலைமை தலைகீழாகிவிட்டது.

2023 ஓகஸ்டில் ஒதுக்கு விகிதம் மறுபடி 2 ஆனது. ஏறத்தாழ 200 பில்லியன் ரூபாய் வங்கிகளுக்கு விடுபடும் என்று மத்திய வங்கி சொன்னது. அடுத்த மாதமே புதிய மத்திய வங்கிச் சட்டம் நடைமுறைக்கு வந்தது, அதில் அரசாங்கத்துக்கு நேரடியாகக் கடன் கொடுப்பதற்குத் தடை வந்தது. அதனால் அதே 2 வீதம் இருந்தும் 2020இல் நடந்தது அப்படியே நடக்க வேண்டும் என்றில்லை.

இனிமேல் செய்தியில் "நியதி ஒதுக்கு விகிதம் மாற்றம்" என்று ஒரு வரி வந்தால் தாண்டிப் போக வேண்டாம். மூன்று எண்களைத் தேடிப் பாருங்கள்: ஒதுக்குப் பணம் எவ்வளவு, விரிந்த பணம் எவ்வளவு, மக்கள் கையில் உள்ள நாணயம் எவ்வளவு. மத்திய வங்கியின் வருடாந்த வெளியீடுகளில் இவை வரும், தமிழிலும் வரும். முதலாவது அசையாமல் இரண்டாவது ஓடினால், பெருக்கி வேலை செய்கிறது என்று பொருள். யாருக்குக் கொடுத்த கடனால் ஓடுகிறது என்பதுதான் அதற்கு அடுத்த கேள்வி. அதைச் சம்பளப் பேச்சுவார்த்தைக்குப் போகும் நம் தலைவர்களிடமும் கேளுங்கள், ஏனென்றால் அடுத்த ஆயிரமும் இதே கடையில்தான் செலவாகப் போகிறது.